புகையிலைப் பயன்பாட்டுக் கோளாறு: லேசா, நடுத்தரமா, கடுமையா என்று மருத்துவர் கணக்கிடும் முறை

குமரி மாவட்டத்தின் சுகாதார நிலையங்களிலும் புகையிலை நிறுத்த ஆலோசனைப் பணியிலும் புதிதாகச் சேரும் செவிலியர்களும் ஆலோசகர்களும் எழுதும் விவரத்தாள்களில், "தினம் ஒரு கட்டு பீடி, கடுமை" என்றோ "நாலைந்து சிகரெட், லேசு" என்றோ ஒரு குறிப்பு அடிக்கடி கண்ணில் படுகிறது. பார்வைக்கு நியாயமாகத் தோன்றினாலும் அந்தக் குறிப்பு மருத்துவருக்கு உதவாது. ஒருவரின் புகையிலைப் பயன்பாடு எந்த அளவுக்குக் கோளாறாகியிருக்கிறது என்பதை அவர் ஒரு நாளில் எத்தனை பீடி பிடிக்கிறார் என்பதைக் கொண்டு மருத்துவர்கள் தீர்மானிப்பதில்லை. நோய் நிர்ணயம் மருத்துவருடைய பொறுப்புதான். ஆனால் அவர் எதை எண்ணுகிறார் என்று தெரிந்தவர் கேட்டு எழுதிய விவரம் இருந்தால் மட்டுமே அந்த நிர்ணயம் சரியாக அமையும்.

மனநல மருத்துவர்கள் பரவலாகப் பின்பற்றும் அளவுகோல், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்னும் கையேட்டில் உள்ளது. அதில் மொத்தம் 11 அறிகுறிகள் இருக்கின்றன. கடந்த 12 மாத காலத்துக்குள் அவற்றுள் குறைந்தது 2 இருந்து, அந்தப் பழக்கம் அவருக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பையோ துன்பத்தையோ தந்திருந்தால் அது புகையிலைப் பயன்பாட்டுக் கோளாறு ஆகும். 2 அல்லது 3 அறிகுறிகள் இருந்தால் லேசானது, 4 அல்லது 5 இருந்தால் நடுத்தரமானது, 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் கடுமையானது. பதினொன்றுக்கும் ஒரே மதிப்புதான். ஒன்று பெரிது, மற்றொன்று சிறிது என்ற வேறுபாடு இதில் கிடையாது. பீடியின் எண்ணிக்கைக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நம் மருத்துவமனைப் பதிவேடுகளில் காணப்படும் எஃப்17.2 என்ற குறியீடு உலக சுகாதார அமைப்பின் வேறொரு வகைப்பாட்டைச் சேர்ந்தது; அதில் 6 அறிகுறிகளுள் 3 இருந்தால் சார்புநிலை என்று முடிவு செய்வார்கள், லேசு, நடுத்தரம், கடுமை என்ற பிரிவு அதில் இல்லை. இரண்டையும் கலந்து எழுதிவிடக் கூடாது.

கேட்பதற்கு முன் செய்யவேண்டியவை

முதலில், அவர் எந்த வடிவத்தில் புகையிலையைப் பயன்படுத்துகிறார் என்பதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "புகையிலைப் பழக்கம் உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால், நாற்பது ஆண்டுகளாக வெற்றிலையோடு புகையிலை சேர்த்துப் போடும் ஒரு பாட்டி இல்லை என்றுதான் பதில் சொல்வார், அவரைப் பொறுத்தவரை அவர் போடுவது வெற்றிலை. ஆகவே பீடி, சிகரெட், வெற்றிலையோடு சேர்க்கும் புகையிலை, கடையில் தொங்கும் பாக்கெட்டுகள், மூக்குப்பொடி என்று தனித்தனியே கேட்பது நல்லது.

அடுத்து, 12 மாதம் என்ற எல்லையை அவருடைய நாட்காட்டியில் குறித்துக்கொடுக்க வேண்டும். "கடந்த ஓராண்டில்" என்று கேட்டால் பலர் வாழ்நாள் முழுவதையும் மனத்தில் வைத்துப் பதில் சொல்வார்கள். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குப் பிறகா முன்னரா, போன மண்டைக்காட்டுக் கொடையின்போது இது இருந்ததா, இந்தத் தவக்காலத்திலா போன தவக்காலத்திலா என்று கேட்டால் காலம் தெளிவாகும். பத்து வருடங்களுக்கு முன் பீடியை விட முயன்று தோற்றது இந்தக் கணக்கில் சேராது. எல்லா அறிகுறிகளும் ஒரே நேரத்தில் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் வந்திருந்தால் போதும்.

பதினொன்றையும் நான்கு தொகுதியாகக் கேட்பது

கையேட்டின் வரிசையைப் படித்துக்கொண்டே போனால் நோயாளி மூன்றாவது கேள்வியிலேயே "இல்லை, இல்லை" என்று தலையாட்டத் தொடங்கிவிடுவார். அதனால் அவற்றை நான்கு தொகுதிகளாகப் பிரித்துப் பேச்சுவாக்கில் கேட்பது எளிது.

முதல் தொகுதி, கட்டுப்பாடு கைவிட்டுப் போனதைப் பற்றியது. நினைத்த அளவைவிட அதிகமாகவோ நெடுநாளாகவோ பயன்படுத்துவது, குறைக்கவோ நிறுத்தவோ விரும்பியும் முடியாமல் போவது, அதை வாங்குவதிலும் பயன்படுத்துவதிலும் மிகுந்த நேரம் கழிவது, தாங்கமுடியாத வேட்கை எழுவது ஆகிய நான்கும் இதில் அடங்கும். மூன்றாவதாகச் சொன்ன நேரக்கணக்கு புகையிலையில் பெரும்பாலும் பொருந்துவதில்லை. மதுவைப்போல இதற்காக வேலையை விட்டுப் போகவேண்டியதில்லை. தெருமுனைக் கடையில் கிடைக்கும், வேலை செய்துகொண்டே பிடிக்கலாம். ஒன்றின் நெருப்பில் அடுத்ததைப் பற்றவைத்துப் பகல் முழுதும் பிடிப்பவருக்கு மட்டும் இதைக் குறிப்பது பொருத்தமாக இருக்கும்.

இரண்டாவது தொகுதி வீடும் ஊரும் சார்ந்தது. வேலை, படிப்பு, குடும்பக் கடமை ஆகியவை புகையிலையால் மீண்டும் மீண்டும் தவறுவது, அதனால் சச்சரவு வந்தும் தொடர்வது, முக்கியமான நிகழ்ச்சிகளையும் பொழுதுபோக்குகளையும் அதற்காகக் கைவிடுவது ஆகிய மூன்றும் இதில் வரும். மூன்றாவது தொகுதியில் இரண்டு உள்ளன. ஒன்று, ஆபத்தான சூழலில் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது; கையேடு படுக்கையில் படுத்தபடி புகைப்பதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறது, நம் கடற்கரையில் விசைப்படகின் டீசல் கேனுக்குப் பக்கத்தில் சிகரெட் பற்றவைப்பதையும் மருத்துவர் இதில் கணக்கிடக் கூடும். மற்றொன்று, உடலிலோ மனத்திலோ உள்ள ஒரு தொல்லை புகையிலையால் வந்தது அல்லது கூடியது என்று தெரிந்தும் தொடர்வது.

நான்காவது தொகுதி உடல் நிகோட்டினுக்குப் பழகிப்போனதைக் காட்டுவது. அதில் ஒன்று தாங்குதிறன்: அதே விளைவு கிடைக்க முன்பைவிடக் கூடுதலாகத் தேவைப்படுவது, அல்லது அதே அளவு எடுத்தும் விளைவு குறைவது. தொடக்கத்தில் வந்த தலைசுற்றலும் குமட்டலும் இப்போது வருவதே இல்லை என்பதும், நாளின் முதல் பீடியில் மட்டும் அந்தப் பிடிப்பு அதிகமாகத் தெரிகிறது என்பதும் அதன் அடையாளங்கள். மற்றொன்று விலகல் அறிகுறி; இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விலகல் அறிகுறியை எப்படிக் கேட்பது

விலகல் அறிகுறி இருக்கிறது என்று சொல்ல, குறைந்தது சில வாரங்களாவது தினமும் புகையிலை பயன்படுத்தியிருக்க வேண்டும். பிறகு அதைத் திடீரென நிறுத்திய அல்லது குறைத்த 24 மணி நேரத்துக்குள், எரிச்சல் அல்லது கோபம், பதற்றம், கவனம் நிலைக்காமை, பசி கூடுதல், நிலைகொள்ளாமை, மனச்சோர்வு, தூக்கமின்மை என்ற ஏழில் நான்கேனும் தோன்றி அவரை வருத்தியிருக்க வேண்டும். பொதுவாக இவை இரண்டு மூன்று நாளில் உச்சத்தை அடைந்து, இரண்டு மூன்று வாரங்களில் தணியும்.

"பீடி பிடிக்காம இருந்தா என்ன செய்யும்?" என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் "ஒண்ணும் செய்யாது" என்பார்கள். ஏனென்றால் அவர்கள் ஒரு நாள்கூட அப்படி இருந்து பார்த்ததில்லை. இந்த இடத்தில்தான் புதியவர்கள் "இல்லை" என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். அறிகுறியின் இரண்டாவது பாதி மறந்துபோகிறது: விலகலின் தொல்லை வராமல் தடுப்பதற்காகவோ வந்ததைத் தணிப்பதற்காகவோ புகையிலையை எடுத்துக்கொண்டாலும் அது அறிகுறியாகவே கருதப்படும். ஆகவே பேருந்துப் பயணம், மருத்துவமனையில் துணைக்கு நின்ற நாட்கள், துக்கவீடு, கடையடைப்பு நாள் போன்றவற்றைக் கேட்கவேண்டும். அந்த நாளுக்கு முன்கூட்டியே இரண்டு கட்டு வாங்கி வைத்தாரா, இடையில் வெளியே போய்விட்டு வந்தாரா, அப்போது யாரிடம் சிடுசிடுத்தார் என்பதெல்லாம் தேவையான விவரங்கள்.

ஒருவரின் கணக்கு

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். இவர் ஒரு தனிமனிதர் அல்ல, இப்பகுதியில் காணக்கூடிய பலருடைய நிலையைச் சேர்த்து எழுதிய எடுத்துக்காட்டு. வயது ஐம்பதை நெருங்குகிறது, இருபது வயதிலிருந்து பீடி. விடியலுக்கு முன், குளிர்ச்சியில் பால் நன்றாக ஓடும் நேரத்திலேயே வெட்டவேண்டும் என்பதால் மூன்று மணிக்கு எழுந்துவிடுகிறார்.

"அண்ணே, எழும்பினா முத பீடி எப்ப?" என்று செவிலியர் கேட்கிறார்.

"முகம் கழுவுகதுக்கு முன்னாலயே திண்ணையில இருந்து ஒண்ணு பத்த வச்சிருவேன் சிஸ்டர். அது இல்லாம டார்ச்சு தலையில ஏறாது."

காலையில் பத்துப் பீடியை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவதாகவும், வெட்டு முடிந்ததும் கடையில் நின்று மேலும் வாங்கிவிடுவதாகவும், ஒரு நாளில் எப்படியும் இருபத்திரண்டு ஆகிவிடுவதாகவும் சொல்கிறார். இது நினைத்ததைவிட அதிகம். முதல் அறிகுறி இருக்கிறது. இந்தத் தவக்காலத்தில் இரண்டு முறை நிறுத்திப் பார்த்து இரண்டு முறையும் மூன்றாம் நாள் திரும்பியிருக்கிறார், இரண்டாவதும் இருக்கிறது. நேரக்கணக்கு பொருந்தவில்லை. மழை கொட்டிய ஓர் இரவில் பீடி தீர்ந்து, வேறு எதையும் நினைக்க முடியாமல் குடையோடு நடந்துபோய் மூடிய கடையைத் தட்டி வாங்கிய நிகழ்ச்சியையும், அப்படியான வேறு இரவுகளையும் அவர் சொன்னதால் வேட்கை குறிக்கப்படுகிறது.

மனைவியும் மகளும் பீடி நாற்றத்துக்காகவும் செலவுக்காகவும் வாரந்தோறும் சண்டை பிடிக்கிறார்கள், அவரும் விடவில்லை. எனவே சச்சரவு என்ற அறிகுறி இருக்கிறது. ஞாயிறு ஆராதனையில் அவர் வாசலோரம் அமர்ந்து பிரசங்கத்தின் நடுவே எழுந்துபோய்விட்டு வருகிறார். ஆயினும் போகாமல் நின்றுவிடவில்லை. ஆகவே நிகழ்ச்சிகளைக் கைவிடுதல் என்ற இடத்தில் மருத்துவர் குறி போடுவதில்லை. மூச்சிரைப்பால் இரண்டு நாள் வேலைக்குப் போகாததைக் கடமை தவறியதாகக் குறிக்கத் தோன்றும். ஆனால் அது ஒரே முறை நடந்தது, அறிகுறியோ "மீண்டும் மீண்டும்" என்று கேட்கிறது. அதையும் விட்டுவிட வேண்டும். படுக்கையில் புகைப்பதோ எரிபொருள் அருகே புகைப்பதோ இல்லை. அந்த இரைப்பு பீடியால் வந்தது, நிறுத்துங்கள் என்று போன ஆண்டே மருத்துவர் சொல்லியும் தொடர்கிறார் என்பதால் உடல்தொல்லை தெரிந்தும் தொடர்தல் குறிக்கப்படுகிறது. இருபது வயதில் ஒரு பீடிக்கே தலை சுற்றியவருக்கு இப்போது எத்தனை பிடித்தாலும் ஒன்றும் தெரிவதில்லை, விடியற்காலை முதல் பீடியைத் தவிர. ஆகவே தாங்குதிறன் உண்டு.

விலகலுக்கு வருவோம். தவக்காலத்தில் நிறுத்திய முதல் நாள் இரவு தூக்கம் வரவில்லை, வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தார், ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மூன்று ஆயிற்று. நான்காவதை அவர் தாமாகச் சொல்லவில்லை. "வேலை எப்படி நடந்தது?" என்று கேட்டபோது, அன்று கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் பட்டுவிட்டது, நாலைந்து மரத்தில் காயம், முதலாளி திட்டினார் என்றார். பழகிய கைக்கு வராத அந்தத் தவறு கவனம் நிலைக்காமையின் அடையாளம். தொழிலைக் கேட்காமல் "கவனம் சிதறுதா?" என்று மட்டும் கேட்டிருந்தால் இது வெளியே வந்திருக்காது.

கூட்டினால் 7 அறிகுறிகள். ஆகவே கடுமையான புகையிலைப் பயன்பாட்டுக் கோளாறு. எண்ணிக்கை மட்டுமின்றி, எந்தெந்த அறிகுறி என்பதையும் ஒவ்வொன்றுக்கும் அவர் சொன்ன நிகழ்ச்சியையும் தாளில் எழுதினால்தான் மருத்துவரால் ஒப்பவோ மறுக்கவோ முடியும்.

ஃபாகர்ஸ்ட்ரோம் மதிப்பெண் எங்கே வருகிறது

பீடியின் எண்ணிக்கைக்கும் முதல் பீடியின் நேரத்துக்கும் இடமுள்ள வேறொரு அளவுகோல் இருக்கிறது. 1991-இல் இன்றைய வடிவம் பெற்ற ஃபாகர்ஸ்ட்ரோம் நிகோட்டின் சார்புச் சோதனை அது. 6 கேள்விகள், மொத்தம் 10 மதிப்பெண். நம் தொழிலாளி விழித்த 5 நிமிடத்துக்குள் பற்றவைக்கிறார், அதற்கு 3. தடைசெய்த இடத்தில் அடக்கிக்கொள்வது கடினம், 1. விடமுடியாதது காலையின் முதல் பீடி, 1. நாளுக்கு 21 முதல் 30 வரை, 2. காலை நேரத்தில்தான் அதிகம், 1. காய்ச்சலில் படுத்திருந்தால் பிடிப்பதில்லை, 0. மொத்தம் 8, மிக உயர்ந்த சார்பு.

முதல் பீடியின் நேரத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு என்றால், இரத்தத்தில் உள்ள நிகோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. இரவு உறக்கம் முடியும்போது அது அடிமட்டத்துக்கு வந்திருக்கும். அந்த நிலையை உடல் எவ்வளவு நேரம் பொறுக்கிறது என்பதை முதல் பீடி காட்டிக்கொடுக்கிறது. நேரத்தை விழித்த கணத்திலிருந்து கணக்கிட வேண்டும். பால்வெட்டுக்காரருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் "காலை ஆறு மணிக்கு" என்ற பதில் விழித்து மூன்று மணி நேரம் கழித்து என்பதாகவும் இருக்கலாம். நிகோட்டின் சூயிங்கத்தில் 2 மில்லிகிராமா 4 மில்லிகிராமா என்று மருத்துவர் தேர்ந்தெடுக்கும்போதும், விழித்த 30 நிமிடத்துக்குள் முதல் புகை என்றால் கூடிய அளவு என்பதே வழக்கமான வழி. ஆக, லேசு, நடுத்தரம், கடுமை என்ற தரம் கோளாறு வாழ்க்கையில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. ஃபாகர்ஸ்ட்ரோம் உடல் எவ்வளவு பழகியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும். ஒன்றின் மதிப்பெண்ணை மற்றொன்றின் தரமாக மாற்றக் கூடாது.

கணக்கு ஏமாற்றும் இடம்

இரண்டும் எப்போதும் சேர்ந்தே போவதில்லை. குளச்சல் பக்கத்தில், கண் விழித்ததும் செல்லத்தைத் திறந்து புகையிலையோடு வெற்றிலை போடும் எழுபது வயதுப் பாட்டி ஒருவரை எண்ணிக்கொள்ளலாம். அவர் நிறுத்த நினைத்ததே இல்லை. வீட்டில் யாரும் சண்டை போடுவதில்லை, மருமகளே வாங்கிக் கொடுக்கிறாள். எந்த மருத்துவரும் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. தாங்குதிறன் இருக்கிறது, துக்கவீட்டுக்கும் செல்லத்தை மறக்காமல் எடுத்துப்போகும் அளவுக்கு விலகலைத் தவிர்க்கும் முயற்சி இருக்கிறது, வேட்கை இருக்கிறது. மொத்தம் 3, எனவே லேசானது. சிகரெட்டுக்கான ஃபாகர்ஸ்ட்ரோம் கேள்விகள் அவருக்குப் பொருந்தா. மெல்லும் புகையிலைக்கென மாற்றியமைத்த வடிவம் ஒன்று உண்டு, அதைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது அவருடைய கன்னத்தின் உட்புறத்தில் வழித்தாலும் போகாத வெண்திட்டு ஒன்று காணப்படுகிறது. பல் மருத்துவரிடம் அனுப்புகிறார்கள், புகையிலையால்தான் இது என்று விளக்குகிறார்கள், அவரும் ஒருமுறை நிறுத்திப் பார்த்து முடியாமல் மீண்டும் தொடங்குகிறார். அடுத்த முறை எண்ணும்போது தெரிந்தும் தொடர்தல், நிறுத்த முயன்று தோற்றல் என்று இரண்டு கூடி 5 ஆகி, நடுத்தரம் என்று வந்துவிடும். ஒரு வெற்றிலைகூட அவர் கூடுதலாகப் போடவில்லை. இதைப் பார்த்து "நோயாளியின் நிலை மோசமடைந்தது" என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. பழக்கத்தை ஊரும் வீடும் ஏற்றுக்கொண்ட இடத்தில் இந்தப் பட்டியல் தரத்தைக் குறைத்தே காட்டும் என்பது என் கருத்து. லேசு என்ற சொல்லை வாய்க்குள் இருக்கும் ஆபத்தின் அளவாகவும் கொள்ளக் கூடாது. அந்த வெண்திட்டை உடனே காட்ட வேண்டுமா என்பதற்கும் அறிகுறிகளின் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை.

நிறுத்திய பிறகு எழுதுவது

நிறுத்தியவரைக் கையேடு உடனே குணமானவர் என்று சொல்வதில்லை. வேட்கையைத் தவிர மற்ற அறிகுறி எதுவும் குறைந்தது 3 மாதம் இல்லாமலிருந்தால் தொடக்கநிலைத் தணிவு, 12 மாதமோ அதற்கு மேலோ இல்லாமலிருந்தால் நீடித்த தணிவு. வேட்கை மட்டும் இடையிடையே எழுந்தாலும் தணிவு என்றே எழுதலாம். நிகோட்டின் சூயிங்கம் போன்ற மாற்று மருந்தைத் தொடர்ந்து எடுத்துக்கொள்பவராக இருந்தால் "பராமரிப்புச் சிகிச்சையில்" என்பதையும், புகையிலை கிடைக்காத கட்டுப்பாடான இடத்தில் இருப்பதால் நிறுத்தியவராக இருந்தால் அதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். மூன்று மாதம் முடியாதவரைப் பற்றி, பழைய தரத்தை அப்படியே வைத்து, கடைசியாகப் பயன்படுத்திய தேதியை மட்டும் பக்கத்தில் எழுதினால் போதும்.